பெட்டி டை: நாலு கிழமைக்குப் பிறகு

ராத்தாவும் நாங்களும் ஒரே வகை டைப் பெட்டி இரண்டு வாங்கி, ஒரே நாளில் பூசினோம். கடும் பிரவுன் நிறம். நாலு கிழமை பாவித்துவிட்டுத்தான் எழுதுகிறோம்.

நரை மறைந்ததா? உச்சியில் நன்றாக மறைந்தது. காதோர நரை மட்டும் அரைகுறையாகத்தான் பிடித்தது. அங்கே முடி தடிப்பு, சாயம் லேசில் ஏறாது. ராத்தா அந்த இடத்தில் முதலில் பூசியதால் அவவுக்கு எங்களை விட நல்லா வந்தது.

மணம்? 'அமோனியா இல்லாதது' என்று பெட்டியில் இருந்தது. மூக்கைக் குத்தவில்லை. இரண்டாவது கழுவலோடு லேசான மணமும் போய்விட்டது.

நிறம்? இரண்டு கிழமை அப்படியே இருந்தது. பிறகு நுனி கொஞ்சம் செம்மையானது. இப்போது வகிட்டில் ஒரு சென்டிமீட்டர் அளவுக்கு வெள்ளைக் கோடு தெரிகிறது. அது டையின் குறை இல்லை, முடி வளர்ந்ததுதான்.

ஒரு விஷயம் முக்கியம். அமோனியா இல்லை என்றால் அலர்ஜி வராது என்று நினைக்க வேண்டாம். இந்தப் பெட்டியில் பிபிடி இருக்கிறது. கடைகளில் விற்கும் கறுப்பு மருதாணி சிலதிலும் அதுதான் சேர்க்கிறார்கள். பெருநாளைக்கு அதைப் போட்டுக் கை அரித்து, கொப்புளம் வந்தவர்கள் இந்த டையைத் தொடவே வேண்டாம், சோதித்துப் பார்க்கவும் வேண்டாம். மற்றவர்கள் தாளில் சொன்னபடி 48 மணித்தியாலத்துக்கு முன்பே தோலில் சோதித்துவிட்டுப் பூசுங்கள்.