மறந்தவருக்கு ஒரு தொலைபேசி அழைப்பு

யாழ்ப்பாணம் முற்றவெளியில் நடந்த வர்த்தகச் சந்தையில் எங்கள் பெண்களின் பனையோலைப் பெட்டிகளை விரும்பிப் பார்த்த கொழும்புக் கடைக்காரருக்கு நான்காம் நாள் தொலைபேசி எடுத்தேன். “எந்தப் பெட்டி தங்கச்சி?” என்றார். நூறு பேரைக் கண்டவருக்கு முகம் மறப்பது இயல்பு. தான் கேட்ட கேள்வி மறப்பது குறைவு. அதை அவரது அட்டையின் பின்புறம் அன்றே குறித்திருந்தேன்.

“சிவப்புக் கரை சாயம் போகுமா என்று கேட்டீங்களே, நனைத்துப் பார்த்தோம், போகவில்லை” என்றேன். “ஓ, அதுவா!” என்றார்.

உடனே படம், அளவு, விலை, மாதம் எத்தனை தரலாம் என்பவற்றை அனுப்பி, “இரண்டு மாதிரி அனுப்பவா?” என்று மட்டும் கேட்டேன். முகவரி தந்தார். “பிறகு பார்ப்போம்” என்றிருந்தால், ஒரு வாரத்தின் பின் ஒருமுறை கேட்டு நிறுத்தியிருப்பேன்.

முகவரி தருவது ஓடர் தருவதாகாது, சகோதரிகளே. முற்பணம் வரும்வரை ஓலை வாங்கிக் குவிக்கவேண்டாம்.