முப்பத்தோராம் திகதி

கனமூலையில் தையற்கடை வைத்திருக்கும் இளைஞர் ஒருவர் அண்மையில் கேட்டார்: “நானா, கட்ட வேண்டியதையெல்லாம் போனில் பதிந்துதான் வைத்திருக்கிறேன். அப்படியிருந்தும் ஒரு கொடுப்பனவு தவறிவிட்டதே, ஏன்?”

வாங்கிப் பார்த்தேன். அவருடைய வங்கி அட்டையிலிருந்து மாதக் கடைசி நாளில் தானாகக் கழியும் சந்தா அது. ஒவ்வொரு மாதமும் 31ஆம் திகதி நினைவூட்டும்படி கூகுள் நாட்காட்டியில் குறித்திருந்தார். 31 இல்லாத மாதத்தில் அந்த நாட்காட்டி 30க்கு நகர்ந்து கொள்வதில்லை, அம்மாதத்தையே தாண்டிவிடுகிறது. பெப்ரவரி, ஏப்ரல், ஜூன், செப்டெம்பர், நவம்பர் என ஆண்டில் ஐந்து மாதங்கள் மணி ஒலிக்காது. நினைவூட்டல் வராத அம்மாதத்தில் கணக்கில் பணமும் இருக்கவில்லை.

திகதியைப் போலவே தொகையும் ஏமாற்றக்கூடும். 2022 மார்ச் தொடக்கத்தில் ஏறத்தாழ 200 ரூபாயாக இருந்த டொலர், மே மாதத்தில் 360 ரூபாயளவில் நின்றது. பத்து டொலர் சந்தாவுக்கு 2,000 ரூபாய் என்று குறித்து வைத்தவருக்கு மே மாதத்தில் 3,600 ரூபாய் தேவைப்பட்டது. செயலியோ அவர் எழுதிய 2,000ஐயே காட்டிக்கொண்டிருக்கும். டொலரில் கழிவதை டொலரிலேயே பதிவதுதான் முறை.

நினைவூட்டலை 25ஆம் திகதிக்கு மாற்றச் சொன்னேன். அந்தத் திகதி இல்லாத மாதம் கிடையாது. இடையில் விடுமுறை வந்தாலும் வங்கியில் பணம் போட நாள் மிஞ்சும். செயலி நமக்குத்தான் சொல்லும்; வங்கிக்குச் சொல்லாது.