பன்னிரண்டு நொடிக் குரல்

பேரனின் பழைய வாட்ஸ்அப் குரல்களைப் போட்டுப் போட்டுக் கேட்கும் ஒரு அம்மிச்சியைப் பற்றிக் கதை எழுத உட்கார்ந்ததும், எடுக்க வேண்டியிருந்த முதல் முடிவு பேரன் உயிரோடு இருக்கிறானா என்பது. செத்துப்போனவன் என்றால் முதல் பத்தியிலேயே வாசகர் அழத் தயாராகிவிடுவார். அதன்பின் அம்மிச்சி எதைக் கேட்டாலும் ஒன்றுதான். அதனால் அவனை உயிரோடு வைத்தேன். 2020 ஊரடங்கில் அவனுக்குப் பன்னிரண்டு வயது. இப்போது திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் வேலை, குரல் உடைந்து கட்டையாகிவிட்டது. அம்மிச்சிக்கு எழுத்து தெரியாது. அவனோ இப்போது எழுத்தாகத்தான் செய்தி அனுப்புகிறான். ஆகவே அவளிடம் மிச்சமிருப்பது அந்தப் பழைய சின்னக் குரல்தான்.

அடுத்த சிக்கல், ஒரே பதிவை எப்படி மூன்று முறை எழுதுவது என்பது. காதுக்குத் திரும்பத் திரும்பக் கேட்பது சுகம். தாளில் அது வெறும் நகல். கதைக்குள் ஒவ்வொரு முறையும் அம்மிச்சி புதிதாக ஒன்றைக் கேட்டாக வேண்டும். அதற்கு அவளுக்குப் பழகிய காது வேண்டும். அவளை இருபது வருசம் கம்பெனியில் செக்கிங் பார்த்தவளாக ஆக்கினேன். பக்கத்து பவர் டேபிளில் ஓடுவது ஓவர்லாக்கா பேட்லாக்கா என்று திரும்பிப் பார்க்காமலே சொல்வாள்.

பதிவு பன்னிரண்டு நொடி. “அம்மிச்சி, நாந்தான். அம்மா தண்ணி புடிக்கப் போயிருக்குது. ஊட்டுல நா மட்டுந்தான். சாப்ட்டீங்களா? பஸ்ஸு உட்டதீம் வந்தர்றேன்.” இவ்வளவுதான்.

கொங்குப் பேச்சை உரையாடலில் எழுத நமக்கு வழி இருக்கிறது. ஆர். சண்முகசுந்தரம் 1942இலேயே ‘நாகம்மாள்’ நாவலில் அதைச் செய்து காட்டிவிட்டார். ஆனால் உரையாடலில் எதிராளியின் பதில் வந்து பேச்சை நிறுத்தும், திருப்பும். குரல் செய்தியில் எதிராளி கிடையாது. “சாப்ட்டீங்களா?” என்று கேட்டுவிட்டு, பதில் வராது என்று தெரிந்தும் பையன் ஒரு கணம் நிற்கிறான். அந்த இடைவெளிதான் என் வேலைக்கு உதவியது. அவன் பேசாத நேரத்தில் பின்னால் இருப்பது கேட்கும்.

முதல் தடவை அவள் சொற்களைக் கேட்கிறாள். இரண்டாம் தடவை அந்த இடைவெளியில் ஒரு மோட்டார் இரைவது கேட்கிறது. ஊரடங்கில் வீட்டிலேயே முகக்கவசம் தைத்தாள் மகள், அது அம்மிச்சிக்குத் தெரியும். சுவிட்சை அணைக்காமல் போயிருப்பாள் என்று கடந்துவிடுகிறாள். மூன்றாம் தடவைதான் கடைசி நொடி கேட்கிறது. “வந்தர்றேன்” முடிந்து விரல் எடுப்பதற்குள் ஊசி கடகடவென்று ஓடத் தொடங்குகிறது. வீட்டில் அவன் மட்டும்தான். அப்படியானால் பெடலில் இருப்பது யார் கால்?

இந்தக் கடைசி நொடியை முதல் இரண்டு தடவையும் அவள் தவறவிட்டதற்கு நியாயமான காரணம் வேண்டும். அதை போனே கொடுத்தது. அடுத்தடுத்து வந்த குரல் செய்திகளில் ஒன்றைத் தட்டினால், அது முடிந்ததும் அடுத்தது தானாக ஓடும். நடுவில் ஒரு சின்ன ஒலியும் வரும். முதல் இரண்டு தடவையும் அவள் காது அடுத்த செய்திக்குத் தாவிவிடுகிறது. மூன்றாம் தடவை போனைக் காதில் ஒட்டி வைத்துக் கேட்கிறாள். அப்போது சத்தம் ஸ்பீக்கரை விட்டு, அழைப்பின்போது காதில் கேட்கும் சின்னக் குழலுக்கு மாறிவிடும். அக்கம்பக்கச் சத்தம் குறைந்து, பதிவின் வால் தெளிகிறது.

மிஷின் விவரத்தைப் பக்கத்து வீட்டு டெய்லர் அண்ணனிடம் கேட்டுத்தான் முடிவு செய்தேன். “கிளட்ச் மோட்டார்னு வெச்சுக்க தம்பி. அதுதான் சுவிட்ச் போட்டா தைக்காட்டீம் எரைஞ்சுட்டே கெடக்கும். சர்வோவா இருந்தா கால எடுத்ததீம் சத்தம் நின்னுபோகும்” என்றார். சர்வோ மோட்டார் என்றால் இரண்டாம் கேட்பு கதையிலேயே இருக்காது. அதனால் மகள் வாங்கியது பழைய மிஷின் என்று முன்பக்கத்தில் ஒரு வரி வைத்தேன். விலை பேசும் சாக்கில் அது வந்துபோகும்.

பன்னிரண்டு வயதுப் பையன் மிஷினில் உட்கார்ந்தான் என்று கதையில் எங்கும் எழுதவில்லை. அம்மிச்சி மகளுக்கு போன் போட்டு, அந்த மிஷின் இன்னும் இருக்கிறதா என்று மட்டும் கேட்கிறாள். “வித்துப்போட்டனே, எதுக்கு கேக்கறீங்க?” என்கிறாள் மகள். கதை அங்கே முடிகிறது. கணக்குப் போட வேண்டியது வாசகர். அவருக்கு அது பிடிபடவில்லை என்றால், அம்மிச்சியின் அழுகையைச் சேர்ப்பதில் பயனில்லை. மோட்டார் சத்தத்தை இன்னும் ஒரு வரி முன்னால் கொண்டுவர வேண்டும்.