கையசைத்தால் ஸலாம் ஆகிவிடுமா?



மக்தப் விட்டதும் பிள்ளைகள் சாலையின் இருபுறமும் பிரிந்து நடக்கையில், எதிர்ப்புறத்திலிருந்து சிலர் எம்மை நோக்கிக் கையை உயர்த்துவர். அவர்களின் உதடு அசைகிறதா என்று நாம் கவனிப்போம். அசைந்தால் நாமும் நாவால் பதிலுரைத்துக் கையை உயர்த்துவோம். அசையாவிடில் மறுநாள் பாடத்தில் அதை எடுத்துப் பேசுவோம்.

இது பற்றி இரண்டு ஹதீஸ்கள் திர்மிதீயில் வருகின்றன. விரல்களாலும் உள்ளங்கைகளாலும் சைகை செய்து முகமன் கூறுவது பிற சமூகத்தாரின் வழக்கம், அதைப் பின்பற்றாதீர்கள் என்பது ஒன்று. இதன் அறிவிப்பாளர் தொடர் பலவீனமானது என்று இமாம் திர்மிதீ (ரஹ்) அவர்களே கூறுகிறார்கள். மற்றொன்று அஸ்மா பின்த் யஸீத் (ரலி) அறிவிப்பது. பள்ளிவாசலில் பெண்கள் கூட்டமாக அமர்ந்திருக்க, அவ்வழியே சென்ற நபி (ஸல்) அவர்கள் கையால் சைகை செய்து ஸலாம் உரைத்தார்கள். இதே செய்தி அபூதாவூதில் வரும்போது, ஸலாம் கூறினார்கள் என்றே காணப்படுகிறது. ஆகவே நாவின் சொல்லும் கையின் சைகையும் சேர்ந்தே நிகழ்ந்தன என்று இமாம் நவவீ (ரஹ்) அவர்கள் ‘அல்அத்கார்’ நூலில் பொருத்திக் காட்டுகிறார்கள்.

சட்டம் இதிலிருந்தே பிறக்கிறது. ஸலாம் என்பது சொல். எதிரில் இருப்பவர் செவியுற வேண்டிய சொல். பேருந்துகள் இரைந்தோடும் சாலையில் அது அவரை எட்டாது. எனவே நாவால் மொழிந்து, மொழிந்தேன் என்பதைக் கையால் அறிவிக்கிறோம். செவிப்புலன் குன்றியவருக்கும் இதுவே முறை. சொல்லே இல்லாத வெறும் கையசைப்புக்குப் பதில் கூறுவது கடமையாகாது என்று ஷாஃபிஈ சட்ட நூல்கள் கூறுகின்றன. பேச இயலாதவரின் சைகை மட்டும் இதற்கு விலக்கு; அவருக்கு அதுவே சொல். (இருவருக்கிடையே மரமோ சுவரோ மறைத்து, மீண்டும் சந்தித்தால் மறுபடி ஸலாம் உரைக்கச் சொல்லும் ஹதீஸைக் கேட்ட மாணவன் ஒருவன், “நடுவுல லாரி போனா, ஹஜ்ரத்?” என்று கேட்டான். லாரிக்கும் உண்டு என்றோம்.)

ஆனால் கையும் நாவும் சேர்ந்தும் போதாத இடம் ஒன்றுண்டு. எமக்குத் தெரிந்த சகோதரர் இருவர், ஒரு மதில்சுவரின் எல்லை குறித்துப் பிணங்கிப் பேச்சை நிறுத்தினர். இருவரின் கடைகளும் ஒரே பஜாரில் எதிரெதிரே இருக்கின்றன. மூத்தவர் ஒருநாள் எம்மிடம் வந்தார்.

“மூணு நாளைக்கு மேல பேசாம இருக்கக் கூடாதுன்னு ஹதீஸ் இருக்குல்ல, ஹஜ்ரத். நான் தினமும் கடை திறக்கிறப்ப கையைத் தூக்கி ஸலாம் சொல்றேன். அவன் பாக்குறான், திரும்பிக்கிறான். என் மேல குத்தம் இல்லையே?”

இளையவரை அறிந்தவர்கள் வேறு விதமாகச் சொன்னார்கள். அண்ணன் கையைத் தூக்குவது தனக்காக அன்று, பஜார் பார்ப்பதற்காக என்பது அவர் எண்ணம்.

அந்த ஹதீஸ், இருவரில் முதலில் ஸலாம் உரைப்பவரே சிறந்தவர் என்று முடிகிறது. ஸலாம் பிணக்கை முறித்துவிடும் என்பது இமாம் ஷாஃபிஈ, இமாம் மாலிக் (ரஹ்) ஆகியோரின் கருத்து. பேசாமை இன்னும் அவரை வருத்துமாயின் ஸலாம் மட்டும் போதாது என்பது இமாம் அஹ்மத் (ரஹ்) அவர்களின் கருத்து. தொலைவில் இருப்பவருக்குக் கடிதமோ ஆளோ அனுப்பினால் குற்றம் நீங்குமா என்பதிலும் ஷாஃபிஈ அறிஞர்களிடம் இரு கூற்றுகள் உண்டு. நீங்கும் என்பதே சரியானது, ஏனெனில் அதனால் மனவிலகல் அகல்கிறது என்கிறார்கள். அக்காரணத்தை நாம் கவனிக்க வேண்டும். ஊரில் இல்லாதவருக்குக் கடிதம் மனவிலகலை அகற்றும். இருபது அடி தூரத்தில் இருப்பவரிடம் கையை மட்டும் உயர்த்தினால், அத்தூரத்தைக் கடக்க மனமில்லை என்பதையே அது சொல்லும்.

ஆகவே அவரிடம், “அஸருக்குப் பிறகு கூட்டம் குறைவாக இருக்கும்போது சாலையைக் கடந்து போங்கள். அவர் காதில் விழும்படி ஸலாம் சொல்லுங்கள். பதிலுக்குச் சற்று நில்லுங்கள். சுவரைப் பற்றி அன்று ஒரு சொல்லும் வேண்டாம்” என்றோம். பதில் வராவிட்டால் என்ன செய்வது என்று அவர் கேட்டார். ஸலாம் உங்கள் காதளவில் முடிந்துவிட்டால் அவருக்குப் பதில் கடமையில்லை. அவர் காதில் விழுந்தபின் அக்கடமை அவருடையது என்றோம்.

மூன்றாம் நாள்தான் போனார். இளையவர் தராசில் பருப்பை நிறுத்துக்கொண்டிருந்தார்; தலை நிமிரவில்லை. தட்டு நிலைக்கு வந்த பிறகு, “வ அலைக்கும் ஸலாம்” என்றார். அண்ணன் சிறிது நேரம் நின்றுவிட்டுத் திரும்பினார்.

சுவர் விவகாரம் இன்னும் ஜமாஅத்தில் இருக்கிறது. அஸருக்குப் பிறகு மூத்தவர் சாலையைக் கடப்பதும் தொடர்கிறது. சென்ற வாரம் அங்கே இரண்டாவது நாற்காலி ஒன்று போடப்பட்டிருந்ததைக் கண்டோம்.