ராஜிநாமாக் கடிதத்தின் தேதி

காரைக்காலை அடுத்த கிளிஞ்சல்மேட்டுக் கடற்கரையில், மர விசைப்படகுகளுக்கு ஃபைபர் அடித்துப் பழுது பார்க்கும் பட்டறையொன்றைக் காணச் சென்ற எனக்கு, ஒரு ராஜிநாமாக் கடிதத்தின் தேதியைப் பற்றியே வெகுநேரம் சிந்திக்கும்படி ஆயிற்று.

கடிதத்தை எழுதியவர் பட்டறைக்காரரின் மகன். சென்னையில் இயந்திரப் பொறியாளராய் மாதச் சம்பளம் வாங்கியவர். நியமன உத்தரவில் அறுபது நாள் முன்னறிவிப்பு என்பது நிபந்தனை. கிழக்குக் கரையிலோ ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள், விசைப்படகுகள் கடலுக்குப் போகத் தடை; பட்டறையின் பெரும் வேலை அந்த நாட்களில்தான். ஆகையால் அவர் பின்னிருந்து கணக்கிட்டு, பிப்ரவரி 13-ஆம் தேதியிட்டு, ஏப்ரல் 14-இல் தம்மை விடுவிக்குமாறு எழுதினார். தகப்பனாரின் முதுமை, குலத் தொழில் என்று முதலில் ஒரு பக்கம் எழுதியிருந்தாராம். அதையெல்லாம் அடித்துவிட்டு, விலகுவதையும் கடைசி நாளையும் பொறுப்புகளை ஒப்படைப்பதையும் மட்டும் மூன்று வாக்கியங்களில் நிறுத்திக்கொண்டது விவேகமென்றே எனக்குத் தோன்றிற்று. காரணம் சொன்னால் சமாதானம் சொல்ல ஆள் வந்துவிடும்.

இன்னும் ஒரு மாதம் இருக்கச் சொன்னார்கள். “மரம் காயணுமே ஐயா” என்றார் அவர்.

கரையேற்றிய படகின் பலகையில் ஈரம் சிறிதளவு இருந்தாலும் பிசின் மரத்தைப் பற்றாது. மேலே பளபளப்பாகவே இருக்கும், சுத்தியலால் தட்டினால்தான் உள்ளே பொள்ளென்று ஓசை கேட்கும். ஆகவே சுரண்டுவதற்கும் காயவைப்பதற்குமே தடைக்காலத்தில் கணிசமான பகுதி போய்விடுகிறது. அதன்பின் கண்ணாடி நார் மேட்டை விரித்து, ஹார்ட்னர் கலந்த ரெசினை ஊற்றி, காற்றுக் குமிழி தங்காதபடி ரோலரால் அழுத்தித் தேய்க்க வேண்டும். சித்திரை வெயிலில் கலவை சீக்கிரம் இறுகிவிடுமாதலால், பெரியவர் ஒரு தடவைக்கு வேண்டியதை மட்டுமே சிறு வாளியில் கலக்கிறார். கோபால்ட்டை முதலில் ரெசினோடு நன்றாகக் கலந்த பிறகே ஹார்ட்னர். இரண்டையும் நேரடியாகச் சேர்த்தால் வெடிக்கும் என்பதை அவர் எந்தப் புத்தகத்திலும் படித்தவரல்லர்.

புது மூலதனம், பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கும் திட்டத்தில் கிடைத்த வங்கிக் கடன். அது புதிய தொழிலுக்கே உரியது. பழைய பட்டறைக்குக் கிடைக்காது. எனவே தகப்பனாரின் கொட்டகை அப்படியே இருக்க, மகன் பெயரில் தனியாக, புதுப் படகு வார்க்கும் அச்சுகளோடு வேறொரு கூடம் எழும்பியிருக்கிறது. மானியமும் ரொக்கமாய்க் கைக்கு வருவதில்லை. மூன்று ஆண்டுகள் வங்கியிலேயே வட்டியில்லா வைப்பாய் நின்று, பிறகுதான் கடனில் கழியும். அதுவரை மாதத் தவணை தவறலாகாது. தடைக்காலப் பழுது வேலையில் வரும் பணம் எத்தனை தவணைக்குக் காணும் என்று நான் வினவினேன். மகன் கணக்கு நோட்டை எடுக்க, “ஐப்பசி கார்த்திகையில கேளுங்க” என்று தகப்பனார் வாளியிலிருந்து தலை நிமிராமலே சொன்னார்.