"மாடல் வேலை செய்யவில்லை"

போன நவம்பர்ல நடந்தது இது. எழுதணும் எழுதணும்னு தள்ளிப் போட்டுக்கிட்டே வந்தேன். இன்னைக்கு ஒரு போன் வந்துச்சு, எழுதிட வேண்டியதுதான்.

சிவகாசிக்குப் பக்கத்துல ஒரு பள்ளிக்கூடம் (பேர் வேண்டாமே). அறிவியல் கண்காட்சிக்கு நடுவரா வரச் சொன்னாங்க. நமக்கு எலெக்ட்ரிக்கல் வேலைதான் தெரியும், அது போதும்னுட்டாங்க :-) என்னோட இன்னும் ரெண்டு பேர். ஒருத்தர் ரிட்டயர்டு வாத்தியார், ரொம்ப நல்ல மனுஷன். இன்னொருத்தர் காலேஜ்ல சொல்லிக் கொடுக்கிறவர்.

கைல ஒரு படிவம் கொடுத்தாங்க. என்.சி.இ.ஆர்.டி. கண்காட்சிகளுக்குச் சொல்ற அதே 7 தலைப்புதான். பிள்ளைகளோட சொந்தக் கற்பனைக்கு 20, புதுமைக்கு 15, அறிவியல் சிந்தனைக்கு 15, செய்நேர்த்திக்கு 15, பயன்பாட்டுக்கு 15, செலவு குறைச்சலா எடுத்துட்டுப் போக வசதியா இருக்கிறதுக்கு 10, விளக்கிச் சொல்றதுக்கு 10. ஆக 100. அடியில "குறிப்புகள்"னு ரெண்டு வரிக்கு இடம். மார்க் போடறது லேசா இருந்துச்சுங்க. அந்த ரெண்டு வரிதான் நம்மளப் பாடாப் படுத்திருச்சு.

ஒம்பதாவது மேசையில எட்டாவது படிக்கிற ஒரு புள்ள. கண்ணு கலங்கி நிக்குது. முன்னாடி வந்த காலேஜ்காரர் எழுதிட்டுப் போயிருக்கார்: "மாடல் வேலை செய்யவில்லை. இன்னும் முயற்சி தேவை."

என்னன்னு பார்த்தேன். ஊறுகாய் பாட்டில், பிளாஸ்டிக் மூடி, மூடி வழியா ஒரு செம்புக் கம்பி, கம்பி நுனியில ரெண்டு அலுமினியத் தாள் துண்டு. நிலைமின்காட்டிதான். பக்கத்துல மரப்பலகையில ஒரு செம்புத் தகடு, அதுலருந்து ஒரு ஒயர் கீழ ஈர மணல் வாளிக்குப் போகுது.

"எதுக்கும்மா இந்தத் தகடு?"

"எங்கம்மா பட்டாசு ஆபீஸ்ல வேலை பாக்குறாங்க சார். மருந்து ரூமுக்குள்ள போறதுக்கு முன்னாடி வாசல்ல இருக்கிற தகட்டத் தொட்டுட்டுத்தான் போவாங்க. உடம்புல இருக்கிற கரண்ட அது இழுத்துக்கும்."

(வெளியூர்க்காரங்களுக்கு: இங்க பட்டாசுத் தொழிற்சாலைக்குப் பேரே பட்டாசு ஆபீஸ்தான்.)

பைப்பைத் துண்டால தேய்ச்சு கம்பி மேல இழுக்குறா. தாள் அசையவே இல்ல. "வீட்ல நல்லா விரிஞ்சுச்சு சார்"னு குரல் உடையுது. அவ பொய் சொல்லல. முந்தின நாள் ராத்திரி பூரா மழை. ஈரக்காத்துல பைப் மேலயும் மூடி மேலயும் கண்ணுக்குத் தெரியாம ஈரம் படிஞ்சிடும். மின்னேற்றம் தங்காம அது வழியா கசிஞ்சு போயிரும். எந்த ஊர் லேப்லயும் மழைநாள்ல இந்த ஆட்டம் உண்டு.

பக்கத்து மேசையில ரெண்டு பசங்க முட்டை பொரிக்கிற டப்பா வச்சிருந்தாங்க, உள்ள 60 வாட்ஸ் குண்டு பல்பு. "தம்பி, பத்து நிமிஷம் கடன் குடுப்பா"ன்னு கேட்டு பாட்டில், மூடி, பைப் மூணையும் பல்பு பக்கத்துல கொஞ்சம் தள்ளி வச்சோம். துணியையும் காய வச்சோம். திரும்பத் தேய்ச்சா... ரெண்டு தாளும் கவட்டை மாதிரி விரிஞ்சு நிக்குது. புள்ள மூஞ்சியப் பாக்கணுமே!

அப்புறம் அவ தகட்டுல மாட்டின இன்னொரு கம்பியோட நுனிய விரலால பிடிச்சு பாட்டில் கம்பியத் தொட்டா. பொத்துனு தாள் ஒட்டிக்கிச்சு. எல்லாரும் கை தட்டினாங்க. எனக்குத்தான் ஒரு உறுத்தல். வெறுங்கால்ல நிக்கிற புள்ள, வெறும் விரல்ல கம்பியப் பிடிச்சிருக்கு. மின்னேற்றம் தகடு வழியா போச்சா, புள்ள வழியா போச்சா?

"ஏம்மா, வாளிக்குப் போற ஒயரக் கழட்டிட்டா?"

"அப்பவும் போகும் சார். செம்புல்ல, இழுத்துக்கும்."

தப்பு அங்கதான் இருக்கு. செம்பு எதையும் இழுக்கறதில்ல. தரைக்குப் போற ஒயர்தான் வேலை செய்யுது, தகடு வெறும் வாசப்படி. அப்படியே சொல்லியிருந்தா "சரி சார்"னு தலையாட்டியிருக்கும், அதோட முடிஞ்சிருக்கும். நான் சொல்லல. அந்த ரெண்டு வரியில (நாலு வரி ஆயிருச்சு) இப்படி எழுதினேன்:

"அம்மாவின் வேலையிடத்தில் பார்த்ததைச் சோதனையாக மாற்றியது உன் சொந்த யோசனை. மழையில் வேலை செய்யாததையும் உலர்த்தியபின் செய்ததையும் சார்ட்டில் எழுது, இரண்டுமே கண்டுபிடிப்புதான். அடுத்து, தகட்டைப் பிளாஸ்டிக் டப்பா மேல் வைத்து, கம்பியை விரலால் தொடாமல் பிளாஸ்டிக் கிளிப்பால் பிடித்து, வாளி ஒயருடன் ஒரு முறை, இல்லாமல் ஒரு முறை செய்து பார். தாள் எவ்வளவு இறங்குகிறது என்று குறித்து வை."

பொரிப்பான் பசங்களுக்கும் இதே கணக்குதான். தெர்மோஸ்டாட் கடையில வாங்கினது. "அப்பா செஞ்சு குடுத்தாரா?"ன்னு கேட்கலாம்தான். அந்தக் கேள்விய ஆறாவது படிக்கிறப்ப நானே வாங்கியிருக்கேன். முழுக்க நானே செஞ்ச காலிங் பெல்லு அது, இன்னைக்கும் ஆறல. அதனால அவங்களுக்கு, "எது வாங்கியது, எது நீங்கள் செய்தது என்று தனித்தனியாக எழுதுங்கள். ஒரு மூலையில் 37.5 டிகிரி காட்டுகிறது. மற்ற மூன்று மூலைகளிலும் தெர்மாமீட்டர் வைத்துப் பாருங்கள்"னு எழுதினேன். செய்நேர்த்திக்கு முழு 15 போட்டேன், சொந்தக் கற்பனையில குறைச்சேன். எதுல எவ்வளவுன்னு அவங்ககிட்டயே சொல்லிட்டேன்.

கடைசியில மூணு பேரும் உக்காந்தோம். வாத்தியார், "பாவம் சார், தாய் பட்டாசு ஆபீஸ்ல கஷ்டப்படுது. மூணாவது பரிசு குடுத்துருவோம்"னார். மனசு புரியுது. ஆனா அந்த 7 தலைப்புல பாவத்துக்கு மார்க் இல்லையே. கற்பனைக்கு 18 நான் போட்டது அந்தச் சோதனைக்கு. பாவப்பட்டுக் குடுத்தா அந்த 18-உம் பொய்யாயிரும். அந்தப் புள்ளைக்கும் அது ஒருநாள் தெரிஞ்சுரும். காலேஜ்காரர் என்ன செஞ்சார் தெரியுமா? எழுந்து போய் திரும்பப் பார்த்துட்டு வந்தார். "வேலை செய்யவில்லை"ய அடிச்சிட்டு, "மழை ஈரத்தால் முதலில் வேலை செய்யவில்லை"னு எழுதி, மார்க்கையும் மாத்தினார். அந்த ஒரு வார்த்தைக்கு அவருக்கு ஒரு கும்பிடு.

கூட்டிப் பார்த்தா அவ நாலாவது. பரிசு இல்ல.

இன்னைக்கு வந்த போன் அந்த ஸ்கூல் டீச்சர்கிட்ட இருந்து. மழை முடிஞ்சு புள்ள அதைச் செஞ்சு பார்த்திருக்கா. ஒயர் இல்லாம தாள் பாதிதான் இறங்கி நின்னுருச்சாம், எத்தனை தடவை தொட்டாலும் அதுக்கு மேல இறங்கல. இருக்கிறத ரெண்டும் பங்கு போட்டுக்கிச்சு, அவ்ளோதான். ஒயர் மாட்டினதும் சுத்தமா ஒட்டிக்கிச்சாம்.

வீட்டுக்குப் போய் அம்மாகிட்ட கேட்டிருக்கா: "உங்க தகட்டுக்குப் பின்னாடி ஒயர் எங்கம்மா போகுது?"

இத்தனை வருஷமா தொட்டுட்டுப் போற அந்தம்மா மறுநாள்தான் குனிஞ்சு பார்த்தாங்களாம். ஒயர் இருக்காம். தரைக்குள்ள போகுதாம். இப்பல்லாம் தினமும் தொடுறதுக்கு முன்னாடி அதையும் ஒரு பார்வை பார்த்துட்டுத்தான் தொடுறாங்களாம்.