பின்னேரத்தில் இறங்கும் கண் இமை

எங்கள் குடும்பத்தில் மாமா ஒருவருக்கு வயது 61. கடை வைத்திருக்கிறார். சில மாதங்களாக அவருடைய இடது கண்ணின் மேல் இமை கொஞ்சம் இறங்கித் தெரிந்தது. பார்த்தவர்கள் எல்லாரும் "வயசாகுதுதானே" என்றார்கள். அப்படிச் சொன்னதில் பிழையும் இல்லை. வயது போனவர்களின் இமை இறங்குவதற்கு மிகப் பொதுவான காரணம் அதுதான். இமையைத் தூக்கும் தசை நல்லாகவே இருக்கும். அதை இமையோடு பிடித்திருக்கும் மெல்லிய தசைநார் தளர்ந்து விலகிவிடும். நீண்ட காலம் கொன்டக்ட் லென்ஸ் போட்டவர்களுக்கும், கெட்டரக்ட் ஒப்பரேஷன் செய்த சிலருக்கும் இப்படி வருவதுண்டு. பார்வையை மறைத்தால் சின்ன ஒப்பரேஷனில் சரிசெய்யலாம்.

ஆனால் இப்படித் தளர்ந்த இமை காலையில் எப்படியோ, பின்னேரமும் கிட்டத்தட்ட அப்படித்தான் இருக்கும். மாமாவுடையது அப்படி இல்லை. ஒரு கலியாண வீட்டுப் போட்டோக்களை போனில் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் நாங்கள் இதைக் கவனித்தோம். காலையில் எடுத்ததில் இரண்டு கண்ணும் சமமாகத் திறந்திருந்தன. அதே நாள் இரவு எடுத்ததில் இடது இமை கருவிழியைப் பாதி மூடியிருந்தது. கேட்டபோது மாமா இன்னொன்றும் சொன்னார்: "கடை பூட்டுற நேரம் காசு எண்ணக்குள்ள ஒரு நோட்டு ரெண்டாத் தெரியுது மகன். ஒரு கண்ணப் பொத்தினா சரியாகுது." கண்ணாடி மாற்றவேண்டும் என்று நினைத்துக்கொண்டிருந்தாராம்.

பாவிக்கப் பாவிக்கக் களைத்து, ஓய்வெடுத்தால் தெளிகிற இமை. அதோடு இரட்டையாகத் தெரிதல். இந்த இரண்டும் சேர்ந்தால் டொக்டர்மார் முதலில் நினைப்பது மயஸ்தீனியா கிராவிஸ் என்ற வருத்தத்தை. நரம்பு தசைக்கு 'சுருங்கு' என்று சொல்வது அசற்றைல்கோலின் என்ற இரசாயனத்தின் மூலம். தசையில் அதை வாங்கும் இடங்களை உடம்பின் நோயெதிர்ப்புச் சக்தியே தாக்கிவிடுகிறது. காலையில் சமாளிக்கும் தசை, நாள் முழுக்க வேலை செய்த பிறகு சோர்ந்து போகிறது.

கிளினிக்கில் டொக்டர் மாமாவின் தலையை அசையாமல் வைத்து, ஒரு நிமிடத்துக்கு மேல் கண்ணை இமைக்காமல் மேலே பார்க்கச் சொன்னார். இமை எங்கள் கண்முன்னே மெல்ல மெல்ல இறங்கியது. பிறகு கையுறைக்குள் ஐஸ் போட்டு, மூடிய இமையின் மேல் இரண்டு நிமிடம் வைத்தார். எடுத்தபோது இமை நல்லாகவே உயர்ந்திருந்தது. 2 மில்லிமீற்றர் உயர்ந்தாலே அது இந்த வருத்தத்துக்கான வலுவான அடையாளமாம். அசற்றைல்கோலினை உடைக்கும் நொதியைக் குளிர் மந்தமாக்குகிறது. அதனால் சமிக்ஞை கொஞ்சம் கூட நேரம் நிற்கிறது. (வீட்டில் ஐஸ் வைத்துப் பார்த்து, உயரவில்லை, ஆகவே ஒன்றுமில்லை என்று முடிவெடுக்க வேண்டாம்.) இரத்தப் பரிசோதனையும் அப்படித்தான். வருத்தம் கண்ணோடு மட்டும் நிற்பவர்களில் சுமார் பாதிப் பேருக்கு அது ஒன்றும் காட்டாது. மாமாவுக்குக் காட்டியது. நெஞ்சு எலும்புக்குப் பின்னாலுள்ள தைமஸ் சுரப்பியில் கட்டி இருக்கிறதா என்று நெஞ்சை சி.டி. ஸ்கேனும் எடுத்தார்கள். இல்லை.

இப்போது பிரிடோஸ்டிக்மின் குளிசை குடிக்கிறார். ஒரு குளிசையின் பலன் மூன்று, நான்கு மணித்தியாலம்தான். வயிறு கொஞ்சம் பிசையும். கண்ணில் தொடங்கும் இந்த வருத்தம் பலருக்கு முதல் இரண்டு வருடத்துக்குள் மற்றத் தசைகளுக்கும் பரவுவதால் கிளினிக்கை விடக்கூடாது. சாப்பாடு விழுங்கக் கஷ்டம், பேச்சு மூக்கால் வருதல், மூச்செடுக்கச் சிரமம் வந்தால் கிளினிக் திகதி வரை காத்திராமல் ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும்.

இன்னொரு விதம் இருக்கிறது. அதற்குக் காலை, பின்னேரம் என்று பார்த்துக்கொண்டிருக்க நேரமில்லை. திடீரென்று இமை விழுந்து, தலையிடியும் வந்து, அந்தக் கண் வெளிப்பக்கமாகவும் கீழாகவும் திரும்பி, கண்ணின் நடுவிலுள்ள கறுப்பு வட்டம் மற்றக் கண்ணைவிடப் பெரிதாக இருந்தால், மூளையில் வீங்கிய இரத்தக்குழாய் மூன்றாவது நரம்பை நசுக்கிக்கொண்டிருக்கலாம். அது வெடித்தால் உயிருக்கே ஆபத்து. உடனே 1990-ஐ அழையுங்கள். சீனி வருத்தக்காரருக்கும் இதே நரம்பு பாதிக்கப்படும். பெரும்பாலும் கறுப்பு வட்டம் பெரிதாகாது, சில மாதங்களில் சுகமாகிவிடும். ஆனாலும் எது எதென்று வீட்டிலிருந்து தீர்மானிக்க முடியாது. இமை கொஞ்சமாக இறங்கி, கறுப்பு வட்டம் சிறுத்து, கழுத்தும் நோவெடுத்தால் அதுவும் அன்றைக்கே காட்டவேண்டியது. கழுத்து இரத்தக்குழாயின் உட்சுவர் கிழிந்திருக்கலாம்.

மாமா வருத்தத்தின் பெயரை ஒரு துண்டில் எழுதி பர்ஸில் வைத்திருக்கிறார். சாதாரணமாகக் கொடுக்கும் சில அன்டிபயோட்டிக் மருந்துகளும், பிரஷருக்குக் கொடுக்கும் சில குளிசைகளும் இந்தத் தசைச் சோர்வைக் கூட்டிவிடும். அதனால் தடிமன் காய்ச்சலுக்கு மருந்தெடுக்கப் போனாலும் முதலில் அந்தத் துண்டைத்தான் நீட்டுகிறார்.